பார்க்காத நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது?

கணக்கு எழுதும் அலுவலகம், போட்டோ ஸ்டூடியோ, டிடிபி சென்டர் என்று எங்கே போனாலும் மேஜைக்கு அடியில் இரண்டு சிபியூ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்று புதிது. இணையம், பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் அதில். இன்னொன்று பத்து வருஷத்துப் பழசு. அதில் மட்டுமே ஓடுகிற ஒரு சாஃப்ட்வேர் இருக்கும். இல்லையென்றால் அதோடு மட்டுமே ஒத்துப்போகிற ஒரு பிரிண்டர் இருக்கும். அதனால் பழசைத் தூக்கிப்போட முடியாது. அதற்கென்று தனியாக ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வைக்கலாமென்றால் மேஜையில் இடம் இல்லை. இடம் இருந்தாலும், தப்பான மவுஸைப் பிடித்து ஆட்டிவிட்டு அம்புக்குறி ஏன் நகரவில்லை என்று முழிப்பதே வேலையாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்காக விற்பதுதான் கேவிஎம் ஸ்விட்ச். கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் சேர்த்து மாற்றுகிற பெட்டி. முன்பக்கம் ஒரு பட்டன். பின்பக்கம் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் கேபிள் வந்து சேரும். இன்னொரு பக்கம் ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். பட்டனை அழுத்தினால் மேஜையில் இருக்கிற மூன்றும் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் விலை இன்னொன்றைப்போல நாலைந்து மடங்கு இருக்கும். ஏன் என்று கடையில் கேட்டால் "அது பிராண்டு சார்" என்பார்கள். வித்தியாசம் பிராண்டில் மட்டும் இல்லை. நாம் ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, முதுகு காட்டி விட்ட மற்றது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "என் கீபோர்டும் மானிட்டரும் இன்னும் மாட்டியேதான் இருக்கின்றன" என்று அது நம்பினால் பெட்டி நல்ல பெட்டி. "ஐயோ, பிடுங்கிவிட்டார்கள்" என்று அது நினைத்தால் தொல்லை ஆரம்பம்.

முதலில் கீபோர்டைப் பார்ப்போம். விலை குறைந்த பெட்டிக்குள் நடப்பது எளிமையான விஷயம். பட்டனை அழுத்தியதும் யுஎஸ்பி இணைப்பு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அறுந்து மற்றதில் ஒட்டிக்கொள்கிறது. கையால் பிடுங்கிச் சொருகுவதற்கும் இதற்கும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் விண்டோஸ் அந்த டிங்-டொங் சத்தத்தைப் போடுகிறது. புதிதாக ஒரு கீபோர்டு வந்திருக்கிறது என்று அது அடையாளம் கண்டு தயாராக ஒன்றிரண்டு விநாடி ஆகும். அதற்குள் நாம் தட்டும் முதல் சில எழுத்துகள் காணாமல் போகும். பாஸ்வேர்டு அடிக்கும்போது இது நடந்தால் முதல் இரண்டு எழுத்து விழாமல் "தவறான பாஸ்வேர்டு" என்று வரும். நாம் நம் ஞாபகசக்தியைச் சந்தேகிப்போம்.

பெரிய தொல்லை வேறு. பழைய கம்ப்யூட்டர்கள் பல, ஆன் ஆகும்போது கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கும். பெட்டி அந்த நேரத்தில் மற்ற கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தால் கீபோர்டு கிடைக்காது. Keyboard not found என்ற மாதிரி ஒரு வரியைக் காட்டிவிட்டு F1 அழுத்தச் சொல்லி அப்படியே நின்றுவிடும். கரண்ட் போய் வந்த பிறகு பழைய கம்ப்யூட்டர் "தானாக ஆன் ஆகவில்லை" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கடைசியில் காரணம் இதுதான் என்று தெரியவந்த இடங்கள் உண்டு. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பழைய பயாஸ் அமைப்பில் Halt On என்று ஒரு வரி இருக்கும். அதை All, But Keyboard என்று மாற்றிவிட்டால் கீபோர்டு இல்லாவிட்டாலும் மேலே போகும். செலவுள்ள வழி, கீபோர்டு எமுலேஷன் உள்ள பெட்டியை வாங்குவது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய சிப், இரண்டு கம்ப்யூட்டருக்கும் எப்போதும் ஒரு பொய்க் கீபோர்டையும் பொய் மவுஸையும் காட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான கீபோர்டில் நாம் தட்டுவதைப் பெட்டி வாங்கி, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் கொடுக்கும். எந்தக் கம்ப்யூட்டரும் எதையும் பிடுங்கியதாக நினைக்காது. டிங்-டொங்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

இந்தப் பொய்க்கு ஒரு விலை உண்டு. அந்தச் சிப்புக்குச் சாதாரணக் கீபோர்டு, சாதாரண மவுஸ் மட்டுமே தெரியும். கூடுதல் பட்டன்கள் உள்ள கேமிங் மவுஸ், வண்ண விளக்குக் கீபோர்டு, ஓரத்தில் தனியாக ஷார்ட்கட் விசைகள் உள்ள கீபோர்டு போன்றவற்றை அங்கே மாட்டினால் பாதி வசதி வேலை செய்யாது. சில மாடல்கள் அடியோடு வேலை செய்யாது. அப்படிப்பட்டவற்றைப் பெட்டியில் இருக்கும் வெறும் யுஎஸ்பி போர்ட்டில் மாட்ட வேண்டியிருக்கும். அங்கே மாட்டினால் மறுபடியும் பிடுங்கிச் சொருகுகிற கதைதான்.

மானிட்டர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை உள்ளே வைத்திருக்கிறது. யார் தயாரித்தது, எந்த மாடல், எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம், விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட்தான். கேபிளை மாட்டியதும் கம்ப்யூட்டர் இதைப் படித்து, அதற்கேற்ற படத்தை அனுப்புகிறது. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டிலும் இதோடு இன்னொரு கம்பியும் உண்டு. மானிட்டர் இருக்கிறதா, போய்விட்டதா என்பதைச் சொல்வது அதன் முக்கிய வேலை.

விலை குறைந்த பெட்டி திரும்பும்போது இந்தக் கம்பியும் சேர்ந்தே அறுந்துபோகிறது. முதுகு காட்டப்பட்ட கம்ப்யூட்டர் மானிட்டர் போய்விட்டது என்று முடிவு செய்கிறது. இருந்த ஒரே மானிட்டரும் போய்விட்டதால், விண்டோஸ் ஒரு கற்பனைத் திரையை வைத்துக்கொண்டு அதற்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறது. அந்தக் கற்பனைத் திரை பெரும்பாலும் சின்னது. திரும்பி வந்து பார்த்தால், பக்கத்துப் பக்கம் திறந்து வைத்த எக்செல், பிரவுசர், கால்குலேட்டர் எல்லாம் சுருங்கி இடது மேல் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். டெஸ்க்டாப் ஐகான்கள் வரிசை கலைந்திருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் இந்தத் தொல்லை அதிகம். எச்டிஎம்ஐயில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். பழைய விஜிஏவில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; ஆனால் பெட்டி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது கம்ப்யூட்டரை ஆன் செய்தால், மானிட்டரின் குறிப்பைப் படிக்க முடியாமல் எழுத்துகள் பெருத்து, மங்கி, 1024-க்கு 768 அளவில் வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு, ஈடிஐடி எமுலேஷன் உள்ள பெட்டி. மானிட்டரின் குறிப்பைப் பெட்டி ஒரு தடவை படித்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு கம்ப்யூட்டருக்கும் அந்த நகலை எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். விற்பனைப் பக்கத்தில் EDID emulation என்ற சொற்கள் தெளிவாக இருந்தால் நம்பலாம். வெறுமனே EDID support என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். மானிட்டரின் குறிப்பைத் தடுக்காமல் அனுப்புகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லாமல் போகலாம். விண்டோஸ் 11-இல் Settings > System > Display பக்கத்தில் Multiple displays என்ற பிரிவுக்குள், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் ஓரளவு உதவும். பழைய விண்டோஸில் அந்த வசதி கிடையாது.

இவ்வளவையும் படித்துவிட்டு விலை கூடிய பெட்டியைத் தேட ஆரம்பிக்கும் முன், ஒரு நிமிஷம் உங்கள் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பெரும்பாலான மானிட்டர்களில் குறைந்தது இரண்டு வீடியோ உள்ளீடு இருக்கும். எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று; அல்லது எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. அப்படியானால் இரண்டு கம்ப்யூட்டரையும் நேராகவே மானிட்டரில் மாட்டிவிடலாம். வீடியோவைப் பெட்டி தொடவே வேண்டாம். கீபோர்டையும் மவுஸையும் மட்டும் மாற்றும் யுஎஸ்பி ஷேரிங் ஸ்விட்ச் போதும். நல்ல கேவிஎம் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. மானிட்டர் வேறு உள்ளீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போதும் பெரும்பாலான மாடல்கள் மற்றக் கேபிளில் தங்கள் குறிப்பைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஜன்னல்கள் குவியும் பேச்சே வராது. டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் சில மானிட்டர்கள் இதில் சொதப்பும்.

ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தின் கதையைப் பார்ப்போம். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7, வீடியோவுக்கு விஜிஏ மட்டும். புதியதில் விண்டோஸ் 11, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும். மானிட்டர் 24 அங்குலம், 1920-க்கு 1080, பின்னால் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ. பழைய வாடிக்கையாளர்களின் கணக்குகள் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. நாளுக்கு நாலைந்து தடவை அதைத் திறந்து பார்க்க வேண்டும். அலுவலகத்தை நடத்தும் அம்மா முதலில் கடைக்குப் போய்க் கேட்டபோது கடைப் பையன், "ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர் தானே மேடம்? இதை மாட்டுங்க, போதும்" என்று ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை எடுத்துக் கொடுத்தான். ஸ்ப்ளிட்டர் ஒரு கம்ப்யூட்டரின் படத்தை இரண்டு மானிட்டருக்குப் பிரித்துத் தருவது. இவருக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கடையில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும். அட்டையில் உள்ளீடு எத்தனை, வெளியீடு எத்தனை என்று பார்ப்பது ஒன்றே காப்பு. நமக்கு வேண்டியது இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு.

அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. முதல் வழி, இரண்டு உள்ளீடு உள்ள எச்டிஎம்ஐ கேவிஎம் பெட்டி. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ இல்லாததால் விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டரும் வாங்க வேண்டும். இதில் திசை முக்கியம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதுதான் கடைகளில் அதிகம் கிடைக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதில் பெரும்பாலும் கரண்டுக்காக ஒரு யுஎஸ்பி வால் தொங்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். இரண்டாவது வழி, பழையதை விஜிஏ கேபிளில், புதியதை எச்டிஎம்ஐயில் நேராக மானிட்டருக்குக் கொடுத்துவிட்டு, யுஎஸ்பி ஸ்விட்ச் ஒன்று வாங்குவது. நாளுக்கு நாலைந்து தடவை மாற்றுவதற்கு இரண்டாவது வழியே போதும் என்பது என் தீர்ப்பு. அவர் அதைத்தான் செய்தார்.

அதில் இருந்த ஒரே குறை, யுஎஸ்பி பட்டனை அழுத்திய பிறகு மானிட்டருக்கு அடியில் கையை விட்டு அங்கேயும் ஒரு பட்டனைத் தேடி அழுத்த வேண்டியிருப்பது. எந்தப் பட்டன் என்று கண்ணுக்குத் தெரியாது. அழுத்தும் வேகத்தில் மானிட்டரையே அணைத்துவிடுவோம். இதற்கும் ஒரு வழி இருக்கிறது. இன்றைய மானிட்டர்கள் பலவும் வீடியோ கேபிள் வழியாகவே கம்ப்யூட்டரின் கட்டளைக்குக் கீழ்ப்படியும். மானிட்டர் மெனுவில் DDC/CI என்ற வரியை On-இல் வைக்க வேண்டும். பிறகு கன்ட்ரோல்மைமானிட்டர் என்ற இலவச நிரலை இறக்கி, புதிய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் இந்தக் கட்டளைக்கு ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம்:

```
ControlMyMonitor.exe /SetValue Primary 60 1
```

இதில் 60 என்பது உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் குறியீடு. கடைசியில் உள்ள 1 விஜிஏவைக் குறிக்கும். பழைய கம்ப்யூட்டரில் வைக்கும் ஷார்ட்கட்டில் அந்த இடத்தில் 17 போட்டால் மானிட்டர் எச்டிஎம்ஐக்குத் திரும்பும், டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு 15. சில மானிட்டர் கம்பெனிகள் இந்த எண்களைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கும். அதே நிரலைச் சாதாரணமாகத் திறந்தால் இப்போதைய மதிப்பு என்னவென்று காட்டும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டளை கொடுத்த மறுநொடியே மானிட்டர் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தால், மெனுவில் உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதி ஆனாகியிருக்கிறது என்று அர்த்தம். அதை அணைத்துவிடுங்கள். கட்டளையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு யுஎஸ்பி பட்டனை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் மவுஸ் போய்விடும், திரை மட்டும் இங்கேயே நிற்கும்.

அப்படியானால் கேவிஎம் பெட்டி யாருக்கு? மணிக்கு ஒரு டஜன் தடவை மாற்றுகிறவர்களுக்கு. மானிட்டரில் ஒரே ஒரு உள்ளீடு உள்ளவர்களுக்கு. மானிட்டர் கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்களுக்கு. அவர்கள் வாங்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டிய இடம், அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் "4கே". அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். அது 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், 4கே மானிட்டரில் படம் விநாடிக்கு 30 தடவை மட்டுமே புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி வழுக்காமல் விட்டு விட்டுத் தாவும். கையெழுத்து ஒட்டும் வேலையோ போட்டோவில் கோடு வரையும் வேலையோ செய்பவருக்கு அரை மணியில் தலைவலி வரும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தின் எல்லை அது. 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஓட எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். 1920-க்கு 1080 திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், எந்தப் பெட்டியும் தாங்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் அந்த எண் தங்கள் திரை அளவோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கி மாட்டிய பிறகு Settings > System > Display > Advanced display பக்கத்தில் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேபிள் நீளத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒன்று, பெட்டியிலிருந்து மானிட்டருக்கு ஒன்று என்று சிக்னல் இரண்டு கேபிளையும் நடுவில் ஒரு பெட்டியையும் கடந்து போகிறது. 4கே 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு கேபிளும் ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது. கூடினால் திரையில் மினுமினுவென்று புள்ளிகள் தெறிக்கும், அல்லது இடையிடையே ஒரு விநாடி கறுத்து மீளும். நேராக மாட்டினால் சரியாகவும், பெட்டி வழியாக இப்படியும் வந்தால் கோளாறு மானிட்டரில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பல பெட்டிகளோடு வீடியோ கேபிள் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். யுஎஸ்பி கேபிள் இரண்டு வரும். எச்டிஎம்ஐ மூன்றில் ஒன்றாவது நீங்கள் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கேவிஎம் ஆனாலும் யுஎஸ்பி ஸ்விட்ச் ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. பெட்டியில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் போக ஒன்றிரண்டு போர்ட் மிச்சம் இருக்கும். அதில் பென்டிரைவ் மாட்டச் சபலம் வரும். மாட்டி, கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்தினால், நகலெடுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பென்டிரைவைப் பிடுங்கிவிட்டோம். கோப்பு பாதியில் நிற்கும். சில சமயம் பென்டிரைவையே ஃபார்மட் செய்யச் சொல்லும். கணக்குப் புத்தகத்தின் பேக்கப்புக்கு இப்படி நடந்தால் வருஷக் கணக்கே போச்சு. கையெழுத்து டோக்கன் எனப்படும் டிஎஸ்சியும் இதே ரகம். ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் நேரத்தில் மற்றக் கம்ப்யூட்டரில் ஏதோ பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினால் டோக்கனும் கூடவே போய்விடும். கையெழுத்துப் பாதியில் விழாமல் போகும். டோக்கனை அது எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய வேண்டுமோ அதிலேயே நேராகச் சொருகிவிடுங்கள். பென்டிரைவும் அப்படித்தான். பிரிண்டரை வேண்டுமானால் பெட்டியில் மாட்டலாம், அச்சாகி முடிந்த பிறகு மாற்றினால் ஒன்றும் ஆகாது.

கரண்டும் ஒரு விஷயம். சிறிய பெட்டிகள் தங்களுக்கு வேண்டியதைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லிஆம்பியர்தான் தரும். கீபோர்டும் மவுஸும் அதில் ஓடிவிடும். வெப்கேமராவும் விளக்குக் கீபோர்டும் சேர்ந்தால் போதாமல் போகும். அப்போது மவுஸ் திடீரென்று செத்துச் செத்துப் பிழைக்கும். பெட்டியின் ஓரத்தில் தனியாக 5 வோல்ட் சார்ஜர் மாட்டும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டால் பின்னால் கை கொடுக்கும்.

பட்டனை அழுத்தப் பெட்டியை மேஜைமேல் வைக்க வேண்டும், வைத்தால் ஆறேழு கேபிள் அதோடு மேஜைக்கு ஏறும். வயரில் தொங்கும் தனிப் பட்டன் உள்ள மாடலாக இருந்தால் பெட்டியை மேஜைக்கு அடியில் ஒட்டிவிடலாம். கீபோர்டிலிருந்தே மாற்றும் மாடல்களும் உண்டு. பெரும்பாலும் Scroll Lock விசையை இரண்டு தடவை தட்டச் சொல்வார்கள். இன்றைய சின்னக் கீபோர்டுகளில் அந்த விசையே இருக்காது என்பது ஒன்று. ஒரு தட்டு மட்டும் விழுந்துவிட்டால் எக்செலில் அம்பு விசையை அழுத்தும்போது கட்டம் மாறாமல் ஷீட் முழுவதும் நகரும் என்பது இன்னொன்று. எக்செல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடிப்பட்டியில் Scroll Lock என்று காட்டுகிறதா பாருங்கள். வயர்லெஸ் கீபோர்டின் டாங்கிளை வெறும் யுஎஸ்பி போர்ட்டில் மாட்டியிருந்தால் இந்த விசை மாற்றம் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் பெட்டி அங்கே வரும் எழுத்துகளைக் கவனிப்பதில்லை.

பெட்டி வந்து சேர்ந்ததும் அன்றைக்கே சோதித்துவிட வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, பெட்டியைப் புதியதன் பக்கம் திருப்பி வைத்து, பழையதை ஆன் செய்யுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் திரும்பினால் விண்டோஸ் முழு அளவில் வந்து நிற்க வேண்டும். F1 கேட்டோ எழுத்து பெருத்தோ நின்றால் எமுலேஷன் இல்லை என்று அர்த்தம். பிறகு பக்கம் மாற்றி இதையே செய்யுங்கள். அடுத்து, ஒரு கம்ப்யூட்டரில் மூன்று ஜன்னலைத் திரையின் மூன்று இடங்களில் திறந்து வைத்துவிட்டு, மற்றதில் பத்து நிமிஷம் வேலை பாருங்கள். திரும்பி வரும்போது மூன்றும் வைத்த இடத்தில் இருக்கின்றனவா? கம்ப்யூட்டர் தூங்கிப்போன பிறகு கீபோர்டைத் தட்டினால் எழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, ஆன் செய்யும்போது Del அல்லது F2 தட்டி பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் போகவில்லையென்றால் பெட்டியைக் குறை சொல்லும் முன், ஒரு கீபோர்டை நேராக மாட்டி உள்ளே போய் Legacy USB Support என்ற வரி Enabled-ஆக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு மொத்தமாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதில் எது தோற்றாலும் அது உங்கள் மேஜையில் நாள்தோறும் தோற்கும். பழகிப்போகும் என்று விட்டுவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டி வந்த அட்டையையும், அதற்குள் இருந்த கேபிள்களையும், பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.